வைத்த கிழமையிலேயே பொரிக்கும்: கோழிமுட்டைக்கு 21 நாள் கணக்கு

கேள்வி: 48 முட்டை பிடிக்கும் சின்ன இன்குபேட்டர் வாங்கியிருக்கிறேன், ஃபேன் உள்ளது. நாட்டுக்கோழி முட்டை வைக்கிறேன். எந்த நாள் வரை திருப்பணும், எந்தெந்த நாளில் லைட் அடித்துப் பார்க்கணும், குஞ்சு எந்தத் தேதி வரும் என்று ஒரு காலண்டர் மாதிரி சொல்லுங்களேன். போன தடவை 21ஆம் நாள் காலை வரை ஒன்றுமே வரவில்லை, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன்.

பதில்:

நீங்கள் தூக்கிப் போட்டதில் பாதிக்கு உயிர் இருந்திருக்கலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை, நானும் அதையே செய்தவன். முட்டை வைத்த நாளை ஒன்று என்று எண்ணிக்கொண்டு, என் கணக்கில் 21 வந்த காலையில் சந்தேகப்பட்டு ஒரு முட்டையை உடைத்தேன். உள்ளே முழுக் குஞ்சு. மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்குள் முழுதாக ஏறவில்லை, கால் அசைந்தது. அன்றிலிருந்து நாளை விரல் விட்டு எண்ணுவதை விட்டுவிட்டேன், மணிக்கணக்கில்தான் எண்ணுகிறேன்.

கணக்கு இதுதான். முட்டை வைத்த நாள் பூஜ்யம். 24 மணி நேரம் முடிந்தால்தான் ஒரு நாள். வியாழன் மாலை 6 மணிக்கு வைத்தால் வெள்ளி மாலை 6 மணிக்கு ஒரு நாள் முடிகிறது. 21 என்பது சரியாக மூன்று வாரம், அதனால் வைத்த கிழமையிலேயே குஞ்சு வரும். வியாழன் வைத்ததற்கு வியாழன், ஞாயிறு வைத்ததற்கு ஞாயிறு. வைத்த நாளையும் சேர்த்து எண்ணினால் உங்கள் 21 புதன்கிழமையிலேயே வந்துவிடும். புதன் காலை என்பது முட்டைக்கு 19 நாளும் 12 மணி நேரமும்தான். அந்த நேரத்தில் ஓட்டில் ஒரு விரிசல்கூட இல்லாமல் இருப்பது சாதாரணம்.

தை மாதம் நான் வைத்த ஒரு ஈட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 48 முட்டை, 2026 ஜனவரி 22, வியாழன் மாலை 6 மணி. அதற்கு நான் சுவரில் ஒட்டிய தாள் இது:

- ஜனவரி 22 வியாழன், மாலை 6: முட்டை வைத்தது (0)
- ஜனவரி 23 வெள்ளி, காலை 6: முதல் திருப்பல்
- ஜனவரி 29 வியாழன், இரவு: முதல் வெளிச்சம் (7)
- பிப்ரவரி 5 வியாழன், இரவு: இரண்டாம் வெளிச்சம் (14)
- பிப்ரவரி 9 திங்கள், மதியம் 1: கடைசித் திருப்பல். மாலை 6: மூன்றாம் வெளிச்சம், ஈரம் கூட்டல், மூடல் (18)
- பிப்ரவரி 12 வியாழன்: பொரிப்பு (21)
- பிப்ரவரி 14 சனி, காலை: மிச்சத்தை எடுப்பது

பார்த்தீர்களா, 7, 14, 21 மூன்றும் அதே வியாழன். நினைவில் வைக்க வேண்டிய வேறு கிழமை 18க்கு வரும் திங்கள் ஒன்றுதான். வைத்த கிழமையிலிருந்து நாலாவது கிழமை அது. போனில் ஷீட் வைத்திருந்தால் A2-இல் வைத்த தேதியையும் மணியையும் போட்டுவிட்டு, பக்கத்துக் கட்டங்களில் இப்படிப் போடுங்கள்:

```
=A2+7
=A2+14
=A2+18
=A2+21
```

கட்டத்தைத் தேதியும் மணியும் காட்டும்படி மாற்றிக்கொண்டால் மாலை 6 வரை சரியாக வந்துவிடும்.

இந்தத் தாள் பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் உள்ளே போக வேண்டும். கோழி இட இட ஒவ்வொன்றாக மெஷினில் வைத்தால் ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு காலண்டர் வேண்டியிருக்கும், ஒன்று பொரிக்கும்போது இன்னொன்றைத் திருப்ப வேண்டியிருக்கும். சேர்த்து வைத்து ஒன்றாக வையுங்கள். ஆனால் நம் ஊர் வெயிலில் சேர்த்து வைப்பதுதான் கஷ்டம். வீட்டுக்குள் 30 டிகிரிக்கு மேல் இருந்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும், பிறகு செத்துப்போகும். ஈர மணல் நிரப்பிய மண்சட்டியில், மேலே ஒரு துணி போட்டு, கூர்முனை கீழே இருக்கும்படி வைத்தால் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். கோடையில் நான்கைந்து நாளுக்கு மேல் சேர்ப்பதில்லை, தை மாசி என்றால் ஒரு வாரம். பழைய முட்டை சில மணி நேரம் பிந்தித்தான் பொரிக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

இனி திருப்புவது. முதல் வாரத்தில் கரு மஞ்சள் கருவின் மேல் மிதந்து ஓட்டை ஒட்டியே இருக்கும். ஒரே பக்கமாக விட்டால் உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். கருவைச் சுற்றி வளரும் ரத்தக்குழாய் வலை ஓட்டின் உள்பக்கம் முழுக்கப் பரவுவதற்கும் திருப்பல் வேண்டும். அந்த வலை வழியாகத்தான் கரு மூச்சு விடுகிறது. அதனால் 18 நாளும் திருப்ப வேண்டும் என்றாலும், முதல் வாரத்தில் விட்டதைப் பிறகு ஈடுகட்ட முடியாது. 15ஆம் நாள் ஒரு வேளை மறந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 4ஆம் நாள் முழுக்க மறந்தால் விளைவு கடைசியில் தெரியும்.

கையால் திருப்புவதானால் பென்சிலால் ஒரு பக்கம் X, மறுபக்கம் O போட்டுக்கொள்ளுங்கள். மார்க்கர் பேனா வேண்டாம், மை ஓட்டின் நுண்துளை வழியாக உள்ளே போகும். நாளுக்கு மூன்று வேளை: காலை 6, மதியம் 1, இரவு 9. ஏன் மூன்று, ஏன் நான்கு இல்லை என்று கேட்பார்கள். இரவுதான் நீண்ட இடைவெளி. ஒற்றைப்படையாகத் திருப்பினால் இன்று இரவு X மேலே இருந்தது நாளை இரவு O மேலே இருக்கும். இரட்டைப்படையானால் எல்லா இரவும் ஒரே பக்கம்தான். ஒரே திசையில் உருட்டிக்கொண்டே போகாதீர்கள். இந்த வேளை வலப்பக்கம் என்றால் அடுத்த வேளை இடப்பக்கம்.

உங்கள் மெஷினில் தானாகத் திருப்பும் ட்ரே இருக்கும் என்று நினைக்கிறேன். அதை நம்புங்கள், ஆனால் சோதித்துவிட்டு நம்புங்கள். என்னிடம் இருந்த ஒரு மெஷினில் மோட்டார் சத்தம் ஒழுங்காகக் கேட்டது, ஆனால் மோட்டாரையும் ட்ரேயையும் இணைக்கும் ஊசி கழன்றிருந்தது. ஐந்து நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். இப்போது காலையில் ட்ரே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒரு பார்வை, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு பார்வை. மாறியிருந்தால் சரி.

அடுத்து வெளிச்சம். தனியாக விளக்கு வாங்க வேண்டாம். போன் டார்ச்சின் மேல், நடுவில் ஐந்து ரூபாய்க் காசைவிடச் சற்று பெரிய ஓட்டை போட்ட அட்டையை வைத்து, முட்டையின் அகன்ற முனையை அந்த ஓட்டையில் உட்கார வையுங்கள். அறை கும்மிருட்டாக இருக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டையை மட்டும் வெளியே எடுத்தால் மற்றவை குளிராது.

7ஆம் நாள் பார்ப்பதுதான் உண்மையில் பயன் தருவது. உயிருள்ள முட்டையில் நடுவில் ஒரு கருப்புப் புள்ளி, அதிலிருந்து எல்லாப் பக்கமும் சிலந்தி கால் விரித்த மாதிரி சிவப்பு நரம்புகள். கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தால் புள்ளி லேசாக ஆடும். சேவல் சேராத முட்டையில் ஒன்றுமே இருக்காது, மஞ்சளாகப் பளிச்சென்று ஒளி ஊடுருவும். மூன்றாவது வகை ஒன்று உண்டு: நரம்பு இல்லாமல், ஓட்டை ஒட்டி ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரியும். கரு வளர்ந்து முதல் சில நாளில் செத்துப்போனதன் அடையாளம் அது. பின்னவை இரண்டையும் எடுத்துவிடுங்கள். விட்டால் கூமுட்டையாகி உள்ளே வெடித்து மற்றதையும் கெடுக்கும். பழுப்பு ஓடு தடித்திருந்து சரியாகத் தெரியாவிட்டால் கேள்விக்குறி போட்டு 14 வரை விடுங்கள். சந்தேகத்துக்காக எந்த முட்டையையும் உடைத்துப் பார்க்க வேண்டாம்.

என் 48இல் அன்று 7 வெறும் முட்டை, 2 சிவப்பு வளையம். மீதி 39.

அதே 7ஆம் நாள் இன்னொரு வேலையும் செய்கிறேன், பலர் செய்வதில்லை. சமையலறைத் தராசில் முட்டையை நிறுப்பது. முட்டை நாளுக்கு நாள் ஓட்டின் வழியே நீரை இழக்கிறது. அந்த இடத்தைக் காற்று பிடிக்கிறது, அகன்ற முனையில் காற்றறை பெரிதாகிறது. கடைசியில் குஞ்சு முதல் மூச்சு விடுவது அந்தக் காற்றில்தான். 18 நாளில் எடையில் சுமார் 12 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். வைக்கும்போதே பத்து முட்டையைக் குறித்து, தனித்தனியாகவும் சேர்த்தும் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். நாட்டுக்கோழி முட்டை ஒன்று 45 கிராம் என்றால் பத்தும் 450. ஏழு நாளில் அது சுமார் 429 ஆக வேண்டும், 14இல் 408, 18இல் 396. பத்தில் ஒன்று 7ஆம் நாள் கழிந்துபோனால் வைத்த அன்று தனித்தனியாக எழுதிய எடை கைகொடுக்கும்.

எனக்கு 7ஆம் நாள் எடை போதிய அளவு குறையவில்லை. அப்படியானால் உள்ளே ஈரம் அதிகம். ஈரமானி 50 என்று காட்டினாலும் சின்ன மெஷினில் வரும் ஈரமானிகள் பத்துப் புள்ளி வரை ஏமாற்றும், தராசு ஏமாற்றாது. இரண்டு தண்ணீர்க் குழியில் ஒன்றைக் காலியாக்கினேன், 14ஆம் நாள் எடை கிட்டத்தட்டச் சரியாக வந்துவிட்டது. எடை வேகமாகக் குறைந்தால் தண்ணீரைக் கூட்டுங்கள். மற்றபடி முதல் 18 நாளைக்கு 50 முதல் 55 சதவீத ஈரம் என்பது பொதுவான அளவு.

14ஆம் நாள் பார்க்கும்போது முட்டையின் பெரும்பகுதி இருட்டாக இருக்கும், ஓரத்தில் தடித்த நரம்பு தெரியும், உள்ளே அசைவு தெரியும். 7ஆம் நாள் நன்றாக இருந்து இப்போது நரம்பு கரைந்து கலங்கலாகத் தெரிந்தால் இடையில் செத்தது. எனக்கு இரண்டு போயிற்று, மீதி 37. நேரம் இல்லை என்றால் இந்த 14ஐ விட்டுவிடலாம், 7ஐ விட வேண்டாம்.

18ஆம் நாள் மாலை முட்டை காற்றறை தவிர முழுக்கக் கருப்பு. காற்றறையின் கோடு நேராக இல்லாமல் ஒரு பக்கம் சரிந்திருக்கும், சிலவற்றில் அந்த ஓரத்தில் ஒரு நிழல் துடிக்கும். அது அலகுப் பக்கம். குஞ்சு தலையை வலது இறக்கைக்கு அடியில் வைத்து, அலகைக் காற்றறை நோக்கித் திருப்பிக்கொள்ளும் நேரம் இது. இதற்கு மேல் திருப்பினால் அது பிடித்த நிலையை நாம் கலைக்கிறோம். ஆக, டர்னரை நிறுத்துங்கள். ட்ரேயை எடுத்துவிட்டு அடியில் சொரசொரப்பான ஒரு விரிப்பு போட்டு முட்டையைப் படுக்க வையுங்கள். வழுக்கும் பிளாஸ்டிக்கில் பிறந்த குஞ்சுக்குக் கால் அகண்டுவிடும், செய்தித்தாளும் வேண்டாம். காலியாக்கிய குழி உட்பட எல்லாத் தண்ணீர்க் குழியையும் வெந்நீர் ஊற்றி நிரப்பி ஈரத்தை 65 முதல் 70 வரை ஏற்றுங்கள். காற்றுத் துளைகளை முழுக்கத் திறந்து விடுங்கள், கடைசி நாள்களில் குஞ்சுக்குக் காற்று நிறைய வேண்டும். பிறகு மூடியைத் தொடாதீர்கள்.

இந்தக் கடைசிப் பேச்சைத்தான் யாரும் கேட்பதில்லை. புதன் இரவு ஒரு குஞ்சு கத்தும். போய் மூடியைத் திறப்போம். திறந்த சில நொடியில் ஈரக்காற்று முழுக்க வெளியே போய், ஓடு கொத்தியிருக்கிற மற்ற முட்டைகளில் உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதனால் சுற்றி அறுக்க முடியாது. பொரித்த குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவில் இரண்டு நாள் தாங்கும், தீனி தண்ணீருக்கு அவசரமே இல்லை. முதல் குஞ்சு பிறந்து 24 மணி நேரம் ஆகும் வரை நான் திறப்பதில்லை. கத்துவதும் ஒருவிதத்தில் நல்லதுதான், சத்தம் கேட்டு மற்றவையும் சுறுசுறுப்பாகும்.

ஓட்டில் முதல் விரிசலுக்கும் வெளியே வருவதற்கும் நடுவில் 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். விரிசல் விட்டுவிட்டுப் பல மணி நேரம் சும்மா கிடக்கும். அது சோர்ந்துபோய் இல்லை, மீதி ரத்தத்தையும் மஞ்சள் கருவையும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஓட்டைப் பிய்த்து உதவினால் ரத்தம் வரும்.

குஞ்சு தேதிக்கு வந்ததா என்பதை வைத்து வெப்பத்தையும் பரிசோதிக்கலாம். ஃபேன் உள்ள மெஷினுக்கு 37.5 முதல் 37.7 டிகிரி. ஃபேன் இல்லாததற்கு முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 அளவு. புதன் காலையிலேயே, அதாவது 20 நாள் முடியும் முன்பே பெரும்பாலானவை பொரித்துவிட்டால் உங்கள் மெஷின் கூடுதலாகச் சுடுகிறது. வெள்ளி இரவுதான் தொடங்குகிறது என்றால் குறைவாகச் சுடுகிறது. அரை டிகிரிக் குறைவுகூடக் கிட்டத்தட்ட ஒரு நாளைத் தள்ளிவிடும். இதற்கு நல்ல சோதனை, வீட்டில் காய்ச்சலுக்கு வைக்கிற தெர்மாமீட்டர். அது 37ஐ ஒட்டித்தான் துல்லியமாகச் செய்யப்பட்டது. அதை முட்டை உயரத்தில் வைத்து மெஷின் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். மின்தடைக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரம் குளிர்ந்தால் போர்வை போர்த்தி, தாளில் குறித்து, பொரிப்பைச் சில மணி நேரம் பின்னால் எதிர்பாருங்கள். ஆனால் கடைசி நாள்களில் காற்றுத் துளையை மூடிப் போர்த்தாதீர்கள். குளிரைவிடக் கொல்வது சூடுதான், 40ஐத் தாண்டினால் சில மணி நேரமே போதும்.

என் ஈட்டில் புதன் மதியம் முதல் விரிசல். வியாழன் விடிகாலையிலிருந்து இரவுக்குள் 27 குஞ்சு, வெள்ளியன்று இன்னும் 4. மொத்தம் 31. கருக்கூடிய 41க்கு அது நாலில் மூன்று.

சனிக்கிழமை காலை மீதி ஆறையும் வெளியே எடுத்து, வாசனை தெரியாமல் இருக்கத் தோட்டத்தில் வைத்து உடைத்தேன். இதைச் செய்யாமல் புதைத்துவிடாதீர்கள். எந்த நாளில் தவறினோம் என்று அந்த ஆறும் சொல்லும். கண் மட்டும் கருத்த சின்ன உருவம் இருந்தால் முதல் வாரத்துக் குறை, திருப்பல் அல்லது சூடு. இறகு முளைத்து மஞ்சள் கரு வெளியே கிடந்தால் 18ஐ ஒட்டிச் செத்தது. முழுக் குஞ்சு, உடம்பு உப்பி நீர் கோத்து, காற்றறை சின்னதாக இருந்தால் ஈரம் அதிகமானது. ஓட்டைக் கொத்திவிட்டு சவ்வு காய்ந்து ஒட்டிச் செத்திருந்தால் ஈரம் போதவில்லை, அல்லது யாரோ மூடியைத் திறந்தார்கள். என் ஆறில் நான்கு உப்பியவை. முதல் வாரத்தில் எடை குறையாமல் போனதன் பாக்கி அது.

அடைக்கோழியின் கீழ் வைத்தாலும் இதே 21தான். திருப்புவதை அவளே பார்த்துக்கொள்வாள், நம்மைவிட அடிக்கடி. இரவில் கோழி மயக்கத்தில் இருக்கும்போது 7ஆம் நாள் ஒரு தடவை மட்டும் வெளிச்சம் பாருங்கள். வைக்கும்போதே முட்டையில் பென்சிலால் தேதி போடுங்கள், வேறு கோழி வந்து புது முட்டை இட்டுவிட்டுப் போனால் அடையாளம் தெரியும். வாத்து முட்டைக்கு 28 நாள், ஆதலால் கோழி முட்டையோடு ஒன்றாக வைக்க வேண்டாம்.

போன தடவை வைத்த தேதியும் மணியும் நினைவிருந்தால் எழுதுங்கள், எந்த நேரத்தில் எடுத்தீர்கள் என்று பார்த்துச் சொல்கிறேன். குஞ்சு வந்ததும் அதே தாளில் கீழே இன்னொரு பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள். என் குஞ்சுகளுக்குப் பிப்ரவரி 12 பூஜ்யம், 19ஆம் தேதி வியாழன் ஏழு நாள். அன்று வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு.